போன் சொன்ன வெங்காய விலை

ஒட்டன்சத்திரம் பக்கத்து ஊர்க்காரி அவள். சின்ன வெங்காயத்தை மூட்டை பிடித்துவிட்டு, விடிகாலையில் போனிடம் விலை கேட்டாள். குவிண்டால் 4,000 ரூபாய் என்றது. கிலோ 40. வேன் பிடித்து திண்டுக்கல் போனாள்.

மண்டியில் 30 ரூபாய்க்கு மேல் ஏலம் ஏறவில்லை. போனை நீட்டினாள்.

"அக்கா, இது நேத்து விலை. இன்னிக்கு வரத்து ஜாஸ்தி. உங்க காயில ஈரமும் இருக்கு" என்றார் கமிஷன் கடைக்காரர்.

போன் பொய் சொல்லவில்லை. சந்தைகளிலிருந்து அரசின் அக்மார்க்நெட் தளத்துக்குப் போகும் கணக்கில் குறைந்த விலை, அதிக விலை, பெரும்பாலான சரக்கு விற்ற விலை என மூன்று உண்டு. ஏலம் முடிந்த பிறகுதான் அவை பதிவாகும். விடிகாலையில் கேட்டால் பழைய விலைதான் கிடைக்கும். அவளுக்குக் கிடைத்தது மூன்றாவது எண். காய்ந்த, பருத்த காயும் ஈரக்காயும் அதில் ஒன்றாகவே கலந்திருக்கும். கமிஷன், இறக்குகூலி, வேன் வாடகை எதுவும் அதில் இல்லை.

இப்போதும் அவள் போனிடம் கேட்கிறாள், முதல் கேள்வி, "எந்தத் தேதி விலை?" அப்புறம் மண்டிக்கு ஒரு போன். அதற்குப் பிறகுதான் வேனுக்குச் சொல்கிறாள்.