ஒரே பெயரில் இரண்டு வியாதிகள்

தாமதமாக வரும் குழந்தைகள்

வயிற்று வலியும் வாந்தியுமாய், ஆழ்ந்து மூச்சு வாங்கிக்கொண்டு எங்கள் வார்டுக்குத் தூக்கிவரப்படும் குழந்தைகளுள் சிலர், முன்னரே நீரிழிவுக்கு இன்சுலின் போட்டுக்கொண்டிருந்து, நாட்டு மருந்தை நம்பி அதனை நிறுத்திவிட்டவர்கள் என்பது விசாரித்த பிறகே தெரியவருகிறது. பாட்டனாரின் சர்க்கரை வியாதிக்கு மாத்திரையும் பத்தியமும் போதுமாயிருக்கையில் பேரனுக்கு மட்டும் ஊசி எதற்கு என்ற கேள்வியே இவ்விபரீதத்தின் மூலகாரணம்.

காரணங்கள் வேறு

பாட்டனாருக்கு வந்திருப்பது இரண்டாம் வகை. அவருடைய கணையம் இன்சுலினைச் சுரக்கவே செய்கிறது; எனினும் பரம்பரைச் சுபாவத்தோடு வயிற்றில் சேர்ந்த கொழுப்பும் உழைப்பின்மையும் கூடிவிடுவதால், தசையும் கல்லீரலும் அதற்கு மந்தமாகவே இணங்குகின்றன; அக்குறையை ஈடுசெய்ய வருஷக்கணக்கில் மிகையாய்ச் சுரந்து கணையமும் களைத்துப்போகிறது.

பேரனுக்கு வந்த முதல் வகையிலோ, கிருமிகளை எதிர்க்க வேண்டிய வெள்ளணுக்களே, இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களை அந்நியமென்று கருதி அழித்துவிடுகின்றன. சில மரபணுக்கள் இதற்கு இடங்கொடுக்கின்றன என்றாலும், இவ்வகை நோய் குடும்பத்தில் வேறெவருக்கும் இல்லாத குழந்தைகளே பெரும்பாலோர். மிட்டாய் தின்றதனாலோ, தாயார் கர்ப்ப காலத்தில் பத்தியம் தவறியதனாலோ இது வருவதன்று. வீணாக அந்தத் தாயைப் பழிக்க வேண்டாம்.

பொடிக்குக் கிடைத்த கீர்த்தி

தீராத தாகமும் மெலிவும் கண்டு வந்த பத்து வயதுச் சிறுவன் ஒருவனுக்கு இன்சுலின் தொடங்கிய சில வாரங்களில் தேவை பாதிக்கும் கீழே இறங்கிற்று. வெளியிலிருந்து வந்த இன்சுலினால் சற்றே இளைப்பாறிய மிச்சச் செல்கள் மறுபடியும் சுரக்கத் தொடங்கும் இதனைத் தேனிலவுக் காலம் என்போம். பெரும்பாலும் சில மாதங்களே இது நீடிக்கும். அச்சமயம் வீட்டார் சிறுகுறிஞ்சான் பொடியும் கொடுத்துவந்தபடியால், கீர்த்தியெல்லாம் பொடிக்கே போயிற்று, ஊசி நின்றது. பின்னர் காய்ச்சலும் வாந்தியும் வரவே, அஜீரணமென்று ஓமத் தண்ணீர் கொடுத்துப் பார்த்துவிட்டு, மூச்சில் பழவாசனை வீச, நினைவு தடுமாறும் நிலையில் அவனைக் கொண்டுவந்தார்கள். இன்சுலின் அற்றுப்போன உடல் கொழுப்பைக் கரைத்துக் கீட்டோன் என்ற அமிலங்களை இரத்தத்தில் நிரப்புகிறது. அந்த அமிலத்தன்மையைக் குறைக்க உடல் செய்யும் பிரயத்தனமே ஆழ்ந்த சுவாசம்.

அவன் பிழைத்தான். 1922 ஜனவரியில் டொராண்டோவில் லியோனார்ட் தாம்ஸன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு இன்சுலின் செலுத்தப்பட்டதற்கு முன்போ, அரைப்பட்டினி போட்டு இத்தகைய குழந்தைகளின் மரணத்தைச் சிறிது ஒத்திப்போடுவதொன்றே வைத்தியர்களால் ஆயிற்று.

பெற்றோருக்கு விண்ணப்பம்

குழந்தைக்கு இந்நோயோ என்ற சந்தேகம் தோன்றினால் இரத்தச் சர்க்கரையையும் கீட்டோனையும் அன்றைக்கே பாருங்கள்.

முதல் வகையை வராமல் தடுக்கும் உணவோ பத்தியமோ கிடையாது. தடுக்கக்கூடியது இந்த அமில அபாயம் ஒன்றே. குழந்தை உண்ணாத நாளிலும் கல்லீரல் சர்க்கரையை வெளியிடுகிறது, காய்ச்சலோ இன்சுலின் தேவையைக் கூட்டுகிறது. ஆகையால், சாப்பிடவில்லை என்பதற்காக இன்சுலினை அடியோடு நிறுத்திவிடாதீர்கள், அளவை வைத்தியரிடம் கேளுங்கள், வாந்தி நிற்காவிடில் உடனே தூக்கிக்கொண்டு வாருங்கள். பாட்டனார் தாராளமாக நடக்கட்டும், இடுப்புச் சுற்றளவைக் குறைக்கட்டும். ஆனால் அவருக்குப் பலித்த வைத்தியத்தைக் கொண்டு பேரனின் ஊசியைத் தீர்மானிக்க வேண்டாமென்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.