உச்சத்திலிருந்து தொங்கும் ஸ்டாப் லாஸ்

500 ரூபாய்க்கு வாங்கிய பங்கு 590 ஆகிவிட்டது. இப்போது விற்பதா, வைத்திருப்பதா? விற்றால், அடுத்த மாதம் 700-க்குப் போகும்போது வயிறு எரியும். வைத்திருந்தால், ஒரே வாரத்தில் மறுபடி 500-க்கே வந்து நிற்கலாம். இந்த இழுபறிக்கு ஒரு விடையாக டிரேடர்கள் வைத்திருப்பதுதான் 'ஷாண்டிலியர் எக்ஸிட்'. அமெரிக்க டிரேடர் சார்லஸ் லெபோ உருவாக்கிய இந்த முறையை, 2002-ல் வந்த தன் புத்தகத்தின் மூலம் அலெக்சாண்டர் எல்டர் பரவலாகக் கொண்டுசேர்த்தார். கூரையிலிருந்து சரவிளக்கு தொங்குவதுபோல, பங்கு தொட்ட உச்ச விலையிலிருந்து ஒரு குறிப்பிட்ட தூரம் கீழே ஸ்டாப் லாஸ் தொங்கும். உச்சம் உயர உயர அதுவும் உயரும்.

கேள்வி, எவ்வளவு கீழே என்பதுதான். பலரும் ஐந்து சதவிகிதம், பத்து சதவிகிதம் என்று வைத்துக்கொள்வார்கள். ஆனால், எல்லாப் பங்கும் ஒரே மாதிரி ஆடுவதில்லை. நாளுக்கு ஒரு சதவிகிதம்கூட நகராத பங்குக்கு ஐந்து சதவிகித இறக்கம் பெரிய செய்தி. நாளுக்கு நான்கு சதவிகிதம் ஏறி இறங்கும் பங்குக்கு அது சாதாரணச் செவ்வாய்க்கிழமை. ஆகவே, அந்தத் தூரத்தைப் பங்கின் சொந்த ஆட்டத்தை வைத்தே அளக்கிறது இந்த முறை.

அந்த அளவுகோலின் பெயர் ஏ.டி.ஆர்., அதாவது 'ஆவரேஜ் ட்ரூ ரேஞ்ச்'. 1978-ல் வெல்ஸ் வைல்டர் அறிமுகப்படுத்தியது. ஒரு நாளின் அதிகபட்ச விலைக்கும் குறைந்தபட்ச விலைக்கும் உள்ள இடைவெளியை மட்டும் பார்த்தால், முந்தைய நாள் முடிவுக்கும் இன்றைய தொடக்கத்துக்கும் நடுவே விழும் பள்ளம் கணக்கில் வராமல் போகும். அதனால் வைல்டர் மூன்று இடைவெளிகளைப் பார்த்தார். இன்றைய உயர்வுக்கும் தாழ்வுக்கும் இடையே ஒன்று, நேற்றைய முடிவு விலைக்கும் இன்றைய உயர்வுக்கும் இடையே ஒன்று, நேற்றைய முடிவுக்கும் இன்றைய தாழ்வுக்கும் இடையே ஒன்று. இவற்றில் எது பெரியதோ அதுவே அன்றைய ட்ரூ ரேஞ்ச். பல நாள்களுக்கு அதன் சராசரிதான் ஏ.டி.ஆர். சார்ட்டுகளில் வழக்கமாக 22 நாள் சராசரியும் மூன்று மடங்கும் இருக்கும். ஒரு மாதத்தின் வர்த்தக நாள்கள் ஏறக்குறைய 22.

ஒரு கற்பனைப் பங்கை வைத்து நடத்திப் பார்ப்போம். வாங்கிய அன்று அதன் உச்சம் 506, முடிவு விலை 500, ஏ.டி.ஆர். 12 ரூபாய். மூன்று மடங்கு 36. உச்சத்தில் அதைக் கழித்தால் ஸ்டாப் லாஸ் 470. தவறிப்போனால் ஒரு பங்குக்கு 30 ரூபாய் நஷ்டம். 6,000 ரூபாய்க்கு மேல் இழக்கக் கூடாது என்று முடிவு செய்தவர், 200 பங்குகளுக்கு மேல் வாங்கக் கூடாது என்பதையும் இதே கணக்கு சொல்லிவிடுகிறது.

சில வாரங்களில் உச்சம் 560, ஏ.டி.ஆர். 13. கோடு 521-க்கு வந்துவிடுகிறது. வாங்கிய விலையையே தாண்டிவிட்டது. பிறகு உச்சம் 590, ஏ.டி.ஆர். 14. கோடு 548.

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். காலாண்டு முடிவு வெளியாகிறது, சந்தைக்குப் பிடிக்கவில்லை. முந்தைய நாள் 586-ல் முடிந்த பங்கு, அன்று 572-க்கும் 560-க்கும் இடையே ஆடுகிறது. அன்றைய உயர்வு தாழ்வு இடைவெளி 12 ரூபாய்தான். ஆனால் 586-லிருந்து 560 வரை 26 ரூபாய். அதுதான் ட்ரூ ரேஞ்ச். வைல்டரின் முறைப்படி, பழைய சராசரி 14-ஐ 21-ஆல் பெருக்கி, 26-ஐக் கூட்டி, 22-ஆல் வகுத்தால் புதிய ஏ.டி.ஆர். 14.55. மூன்று மடங்கு 43.64. உச்சம் அதே 590. கோடு இப்போது 546.36. பங்கு விழும் நேரத்தில், அதைப் பிடிக்க வேண்டிய கோடும் சேர்ந்து கீழே இறங்கிவிட்டது!

இதற்காகத்தான் அனுபவஸ்தர்கள் ஒரு நிபந்தனையைச் சேர்க்கிறார்கள். கோடு ஏறலாம், அல்லது நிற்கலாம். இறங்கவே கூடாது. அந்த நிபந்தனைப்படி நம் ஸ்டாப் லாஸ் 548-லேயே நிற்கிறது. மறுநாள் பங்கு 547 வரை இறங்கினால், 548 வாக்கில் விற்றுவிடும். பங்குக்கு 48 ரூபாய் லாபம். சார்ட் காட்டும் 546.36-ஐ நம்பியவர் இன்னும் உள்ளேயே இருப்பார்.

கோடு கீழிறங்க இன்னொரு வழியும் உண்டு. லெபோவின் கணக்கில் உச்சம் என்பது பங்கை வாங்கிய நாளிலிருந்து தொட்ட உச்சம். சார்ட் மென்பொருளுக்கு நீங்கள் என்றைக்கு வாங்கினீர்கள் என்று தெரியாது. அது கடைசி 22 நாள்களின் உச்சத்தை எடுத்துக்கொள்கிறது. டிரேடிங்வியூவில் எழுதினால் இப்படி:

```
ta.highest(high, 22) - 3 * ta.atr(22)
```

590 தொட்ட நாள் 22 நாளுக்கு முந்தையதாகிவிட்டால், அது கணக்கிலிருந்து நழுவும். மிச்ச நாள்களின் உச்சம் 578 என்றால், ஏ.டி.ஆர். 14-லேயே இருந்தாலும் கோடு 536-க்கு இறங்கும். சார்ட்டில் கோடு கீழே போவதைக் கண்டால், இந்த இரண்டில் ஒன்று நடந்திருக்கிறது என்று பொருள். மாலையில் சந்தை முடிந்தபின் கோட்டைக் கணக்கிட்டு, முந்தைய நாள் எண்ணைவிட அதிகமாக இருந்தால் மட்டும் ஆர்டரை மாற்ற வேண்டும். இன்று கணக்கிடும் எண் நாளைக்குத்தான். இன்றைய உச்சத்தை வைத்துப் போட்ட கோட்டில் இன்றே விற்றதாகப் பழைய விலைகளில் சோதித்துப் பார்ப்பவர்களுக்கு, நிஜத்தில் கிடைக்காத லாபம் காகிதத்தில் கிடைக்கும்.

போனஸ், ஸ்பிளிட் வரும்போதும் கவனம் தேவை. ஒன்றுக்கு ஒன்று போனஸ் வந்தால் 590 ரூபாய்ப் பங்கு 295 ஆகும். உச்சத்தையும் ஏ.டி.ஆரையும் பாதியாக்காமல் விட்டால், எந்த நஷ்டமும் இல்லாத நாளில் கோடு 'விற்றுவிடு' என்று கத்தும்.

கோடு ஒரு விலையைக் குறிக்கிறது. அந்த விலையே கையில் வரும் என்று உறுதி கிடையாது. 548-ல் ஸ்டாப் லாஸ் இருக்க, பங்கு காலையில் 520-ல் திறந்தால் 520 வாக்கில்தான் விற்கும். 546-க்குக் குறையாமல் விற்க வேண்டும் என்று லிமிட் வைத்திருந்தால் விற்காமலே நிற்கும். லோயர் சர்க்யூட்டில் உறைந்த பங்குக்கு வாங்க ஆளே இருக்காது. ஏறி இறங்கி எங்கும் போகாத பங்குகளிலும் இந்த முறை சோபிப்பதில்லை. உச்சத்தில் ஏறிய கோட்டைத் தாழ்வில் தொட்டு வெளியேற்றிவிட்டு, பங்கு பழைய இடத்துக்கே திரும்பும். மடங்கை இரண்டாகக் குறைத்தால் இப்படி வெளியேறுவது அடிக்கடி நடக்கும். நான்காக்கினால் குறையும். ஆனால், ஒவ்வொரு ஏற்றத்தின் முடிவிலும் இன்னும் ஒரு ஏ.டி.ஆர். அளவு லாபத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டிவரும்.

இந்தத் திருப்பிக் கொடுத்தல் முறையின் குறையல்ல, கட்டணம். நம் கணக்கில் 590-ஐத் தொட்ட பங்கை 548-ல் விற்றோம். அந்த 42 ரூபாய், 506-லிருந்து 590 வரை வழியில் வந்த சின்னச் சின்ன இறக்கங்களுக்கெல்லாம் பயந்து வெளியேறாமல் இருந்ததற்குக் கொடுத்த விலை. விற்றபின் பங்கு மறுபடி 590-ஐத் தாண்டினால் என்ன செய்வது? அதைப் பற்றி இந்தக் கோடு எதுவும் சொல்லாது. வெளியேறத்தான் அது வழிகாட்டும். திரும்ப நுழைவதற்கு வேறொரு விதியை, முதல் முறை வாங்கும் முன்பே வகுத்துக்கொள்ள வேண்டும்.