யார், எதை, எப்போது? மீட்டிங் மெயிலைத் திருத்தும் முறை

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் திங்கட்கிழமை புரொடக்‌ஷன் மீட்டிங் முடிந்ததும் இப்படி ஒரு மெயில் போகிறது என்று வைத்துக்கொள்வோம்:

“கேர் லேபிள் தாமதம் குறித்துப் பேசப்பட்டது. சப்ளையர் 10 நாள் கேட்கிறார். வேறு இடத்தில் விசாரிக்கலாம் என்றார்கள். அதுவரை நிற்காமல் கட்டிங் ஆரம்பிக்கலாம். பர்ச்சேஸில் சீக்கிரம் பார்ப்பதாகச் சொன்னார்கள்.”

இதில் பொய் எதுவும் இல்லை. ஆனாலும், நாளை காலை கட்டிங் மேஜையில் துணியை விரிக்கலாமா, கூடாதா என்பது கட்டிங் மாஸ்டருக்குப் புரியாது. “ஆரம்பிக்கலாம்” என்பது முடிவா, யோசனையா? “பார்ப்பதாகச் சொன்னார்கள்” என்றால் யார் பார்ப்பது?

திருத்தும்போது ஒவ்வொரு வரியையும் முடிவு, வேலை, முடிவாகாதது, பேச்சு என்று நான்காகப் பிரியுங்கள். அந்த வரியால் நாளை யாராவது தன் வேலையை மாற்றிச் செய்வார் என்றால் அது முடிவு. ஒருவர் செய்து முடிக்க வேண்டியது வேலை. யோசனையாகவே நின்றுபோனது முடிவாகாதது. மற்றதெல்லாம் பேச்சு, அது கடைசியில் இரண்டே வரியில் இருந்தால் போதும்.

அதே மெயில், திருத்திய பிறகு:

பொருள்: கேர் லேபிள் – கட்டிங் நாளை தொடங்கும், விலை விவரம் புதன்கிழமைக்குள்

முடிவு: லேபிளுக்குக் காத்திராமல் கட்டிங் மார்ச் 11, செவ்வாய் காலை தொடங்கும்.

வேலை: பர்ச்சேஸ் மேனேஜர் – வேறு இரண்டு சப்ளையர்களிடம் விலையும் டெலிவரி நாளும் கேட்டு அனுப்ப வேண்டும் – மார்ச் 12, புதன், மாலை 5 மணி.

முடிவாகாதது: சப்ளையரை மாற்றுவதா? ஃபேக்டரி மேனேஜர் மார்ச் 13, வியாழன் காலை சொல்வார்.

பேசியது: இப்போதைய சப்ளையர் 10 நாள் கேட்கிறார். லேபிளைப் பக்கத் தையலில் வைத்துத் தைப்பதால் கட்டிங்குக்கு அது தேவையில்லை, தையலுக்குத் தேவை.

இங்கே பதவியைப் போட்டிருக்கிறேன். உங்கள் மெயிலில் ஆளின் பெயரையே எழுதுங்கள். ஒரு வேலைக்கு ஒரே பெயர்தான். “பர்ச்சேஸ் டீம்” என்று எழுதினால், இன்னொருவர் பார்த்துக்கொள்வார் என்று ஆளாளுக்கு இருந்துவிடுவார்கள். “சீக்கிரம்”, “இந்த வாரத்துக்குள்” என்பவை கெடு ஆகாது. தேதி, கிழமை இரண்டையும் எழுதினால், ஒன்று தவறாக இருந்தாலும் மற்றது காட்டிக்கொடுத்துவிடும்.

தெளிவாக எழுதும் ஆர்வத்தில், மீட்டிங்கில் யாரும் எடுக்காத முடிவை நாமே எழுதிவிடும் ஆபத்தும் உண்டு. பொறுப்பாளரோ தேதியோ பேசப்படவில்லை என்றால், உரியவரைப் போனில் கேட்டுவிட்டு எழுதுங்கள். அவர் கிடைக்காவிட்டால் “பொறுப்பாளர் முடிவாகவில்லை” என்றே எழுதுங்கள். ஊகித்துப் போட்ட பெயரை அவர் ஏற்கமாட்டார். அன்றிலிருந்து உங்கள் மெயிலின் மற்ற வரிகளையும் சந்தேகத்தோடுதான் படிப்பார்.

அனுப்புமுன் மெயிலை உங்கள் போனில் திறந்து பாருங்கள். கட்டம் போட்ட அட்டவணை சின்னத் திரையில் உடைந்துபோகும். தனித்தனி வரிகள் உடையாது. விரலால் தள்ளாமலே முடிவும் பெயரும் தேதியும் கண்ணில் பட்டால் அனுப்பிவிடலாம்.