ரைஸ் தேற்றமும் தேர்வுக் கேள்விகளும்

ஒரு நிரலின் எழுத்தை வாங்கிப் படித்துவிட்டு, அந்த நிரல் கொடுத்த வேலையைச் சரியாகச் செய்யுமா என்று 'ஆம்', 'இல்லை' எனப் பதில் சொல்லும் இன்னொரு நிரலை எழுத முடியுமா? சில நிரல்களுக்கு மட்டும் போதும் என்றால் எழுதலாம். எந்த நிரலைக் கொடுத்தாலும் பிழையில்லாமல், நடுவில் முடங்கிப்போகாமல் பதில் வரவேண்டும் என்றால் முடியாது. 'சரியாகச் செய்யுமா' என்ற இடத்தில் வேறு எந்த நடத்தையைப் பற்றிக் கேட்டாலும் நிலைமை அதேதான். இதை நிறுவியவர் ஹென்றி கோர்டன் ரைஸ். 1951இல் சிரக்யூஸ் பல்கலைக்கழகத்துக்கு அளித்த முனைவர் பட்ட ஆய்வேட்டில் இடம்பெற்ற இந்த முடிவு, 1953இல் அமெரிக்கக் கணிதச் சங்கத்தின் இதழில் வெளியானது. கணிப்பியல் கோட்பாட்டுப் பாடத்தில் ரைஸ் தேற்றம் என்ற பெயரில் இது படிக்கப்படுகிறது.

தேற்றம் பேசுவது நிரல் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பதைப் பற்றி அல்ல. அது எதைக் கணக்கிடுகிறது என்பதைப் பற்றி. எந்த உள்ளீட்டுக்கு என்ன விடை வரும், எந்த உள்ளீட்டுக்கு விடையே வராமல் ஓடிக்கொண்டிருக்கும் என்பதுதான் நடத்தை. ஒரே நடத்தை கொண்ட இரண்டு நிரல்களில் ஒன்று பத்து வரியாகவும் மற்றது ஆயிரம் வரியாகவும் இருக்கலாம்; நடத்தை சார்ந்த பண்பு என்றால் அது இரண்டுக்கும் சேர்ந்தே இருக்கும், அல்லது இரண்டுக்கும் சேர்ந்தே இருக்காது. இன்னொரு நிபந்தனையும் உண்டு. எல்லா நிரல்களுக்கும் இருக்கிற பண்பையோ, எந்த நிரலுக்குமே இல்லாத பண்பையோ சோதிக்க ஒன்றும் தேவையில்லை. கண்ணை மூடிக்கொண்டு ஒரே பதிலைச் சொல்லிவிடலாம். இவை வெற்றுப் பண்புகள். வெற்றுப் பண்பு அல்லாத நடத்தைப் பண்பு எதுவாக இருந்தாலும் அதைத் தீர்மானிக்கும் பொதுவழி கிடையாது என்பதே தேற்றம்.

சிக்கல் எங்கே இருக்கிறது என்பதைச் சின்ன நிரல் ஒன்றில் பார்க்கலாம். எண்ணை வாங்கி அதன் வர்க்கத்தைத் தரவேண்டும் என்பது வேலை. அதற்கு ஒருவர் எழுதிய விடை இது:

```
def f(x):
    n = 4
    while is_goldbach(n):
        n = n + 2
    return x * x
```

இதில் `is_goldbach(n)` என்பது, n என்ற இரட்டை எண்ணை இரண்டு பகா எண்களின் கூட்டுத்தொகையாக எழுத முடியுமா என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கும் சாதாரணச் சோதனை. 4 என்றால் 2+2, 6 என்றால் 3+3, 8 என்றால் 3+5 என்று லூப் மேலே போய்க்கொண்டிருக்கும். எழுத முடியாத இரட்டை எண் ஒன்று அகப்பட்டால்தான் லூப்பை விட்டு வெளியே வந்து x-இன் வர்க்கத்தைத் தரும். அப்படி ஓர் எண் உண்டா? 1742இல் கோல்ட்பாக் ஆய்லருக்கு எழுதிய கடிதத்திலிருந்து வரும் கேள்வி இது. 4-க்குப் பின் 18 பூஜ்யங்கள் போட்டால் வரும் எண் வரை கம்ப்யூட்டரில் சோதித்தும் அகப்படவில்லை. அகப்படவே படாது என்று யாரும் நிறுவவும் இல்லை. ஆகவே 'இந்த நிரல் வர்க்கத்தைத் தருமா' என்ற கேள்விக்குச் சரியான பதில் சொல்லும் சோதனைக் கருவி ஒன்று இருந்தால், அது போகிற போக்கில் கோல்ட்பாக் கேள்விக்கும் முடிவு கட்டியிருக்கும்.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்கவேண்டும். மேலே உள்ள குறிப்பிட்ட நிரலைப் பற்றிய கேள்வி 'தீர்மானிக்க முடியாதது' அல்ல. அதற்கு ஆம் அல்லது இல்லை என்ற ஒரு பதில் இருக்கிறது. என்றைக்காவது ஒருவர் நிறுவியும் விடலாம். எல்லா நிரல்களுக்கும் பொருந்தும் ஒரே வழிமுறை கிடையாது என்பதுதான் தீர்மானிக்க முடியாமை. மாணவர்கள் அடிக்கடி தடுமாறும் இடம் இது.

நிரூபணமும் இந்த உதாரணத்தின் வார்ப்பிலேயே அமைந்தது. அதற்கு அடித்தளம் ஆலன் டூரிங் 1936இல் வெளியிட்ட ஆய்வு. கொடுத்த நிரல் கொடுத்த உள்ளீட்டில் ஓடி நிற்குமா என்பதை எல்லா நிரல்களுக்கும் தீர்மானிக்கும் வழி இல்லை என்ற நிறுத்தச் சிக்கலின் முடிவு அந்த ஆய்விலிருந்து பெறப்படுவது. இப்போது P என்பது வெற்றல்லாத ஏதோ ஒரு நடத்தைப் பண்பு என்று கொள்வோம். எந்த உள்ளீடு கொடுத்தாலும் நிற்காமல் ஓடும் நிரலுக்கு P இல்லை என்றும் வைத்துக்கொள்வோம். இருக்கிறது என்றால் P-க்கு எதிர்மறையான பண்பை எடுத்துக்கொண்டால் போதும். ஒன்றைத் தீர்மானிக்க முடிந்தால் மற்றதையும் தீர்மானிக்கலாம். P வெற்றல்லாதது என்பதால் அது உள்ள நிரல் ஒன்றாவது இருக்கவேண்டும். அதற்கு A என்று பெயர். M என்ற நிரல் w என்ற உள்ளீட்டில் நிற்குமா என்று யாரோ கேட்கிறார்கள். உடனே N என்ற புதிய நிரலை எழுதுகிறோம்:

```
def N(x):
    M(w)
    return A(x)
```

N தனக்கு வந்த x-ஐ ஓரமாக வைத்துவிட்டு முதலில் M-ஐ w-இல் ஓட்டுகிறது. அது தரும் விடை வீணாகப் போகட்டும். நின்றதா என்பதுதான் விஷயம். நின்றுவிட்டால் அடுத்த வரிக்கு வந்து A செய்வதையே செய்யும், ஆகவே N-க்கு P உண்டு. நிற்காவிட்டால் முதல் வரியிலேயே கிடக்கும். எந்த x-க்கும் விடை வராது, ஆகவே N-க்கு P இல்லை. P-ஐத் தீர்மானிக்கும் கருவி நம்மிடம் இருந்தால் N-இன் எழுத்தை அதற்குக் கொடுத்து, M நிற்குமா நிற்காதா என்று தெரிந்துகொள்ளலாம். நிறுத்தச் சிக்கல் தீர்ந்துவிடும். அது நடக்காது என்பதால் அந்தக் கருவியும் இருக்க முடியாது. N-ஐ நாம் ஓட்டவே இல்லை, எழுத மட்டுமே செய்தோம் என்பது இந்த வாதத்தின் உயிர்நாடி. விடைத்தாளில் 'N-ஐ ஓட்டிப் பார்க்கிறோம்' என்று எழுதினால் வாதம் அங்கேயே உடைந்துவிடும்.

தேர்வில் இந்தக் கேள்விகள் டூரிங் இயந்திரங்களைக் கொண்டு வருகின்றன. நிரலின் இடத்தில் M என்ற இயந்திரம், நடத்தையின் இடத்தில் அது ஏற்கும் சொற்களின் தொகுதியான L(M) என்ற மொழி. 'M என்ற இயந்திரம் ab என்ற சொல்லை ஏற்குமா' என்பது எளிய வகை. ஒரே மொழியை ஏற்கும் இரண்டு இயந்திரங்களுக்குப் பதில் மாறாது, ஆகவே இது மொழியின் பண்பு. எல்லாவற்றையும் ஏற்கும் இயந்திரத்துக்கு இந்தப் பண்பு உண்டு, எதையுமே ஏற்காததற்கு இல்லை, ஆகவே வெற்றல்ல. தீர்மானிக்க முடியாது. முழு விடை இவ்வளவுதான். பண்பு உள்ள ஒன்று, இல்லாத ஒன்று என இரண்டு இயந்திரங்களையும் பெயர் சொல்லிக் காட்டாமல் 'ரைஸ் தேற்றப்படி' என்று மட்டும் எழுதுவது அரைகுறை விடை. 'L(M) ரெகுலர் மொழியா' என்ற கேள்விக்கு வெற்று மொழி ஒரு பக்கம், aⁿbⁿ வடிவச் சொற்களின் மொழி மறுபக்கம்.

சிக்கவைக்கும் கேள்விகள் வேறு வகை. 'L(M)-ஐ ஏதாவது ஒரு டூரிங் இயந்திரம் ஏற்குமா' என்றால், M-ஏ ஏற்கிறது. பதில் எப்போதும் ஆம், வெற்றுப் பண்பு. 'L(M)-ஐ இரட்டைப்படை நிலைகள் கொண்ட ஏதாவது ஓர் இயந்திரம் ஏற்குமா' என்பது இதே கேள்விதான், வேஷம் போட்டு வந்திருக்கிறது. ஒற்றைப்படை நிலைகள் இருந்தால் யாரும் போய்ச் சேராத ஒரு நிலையைக் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் 'M-க்கு இரட்டைப்படை நிலைகள் உள்ளனவா' என்பது மொழியைப் பற்றியதே அல்ல, எண்ணிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

'எந்த உள்ளீட்டிலும் M 100 அடிகளுக்குள் நிற்குமா' என்பதும் மொழியின் பண்பு அல்ல. ஒரே மொழியை வேகமாக ஏற்கும் இயந்திரமும் உண்டு, மெதுவாக ஏற்கும் இயந்திரமும் உண்டு. உள்ளீடுகள் முடிவற்றவை என்பதால் சோதிக்க முடியாது என்று தோன்றும். ஆனால் 100 அடிகளில் இயந்திரத்தின் தலை உள்ளீட்டின் முதல் 100 எழுத்துகளைத் தாண்டிப் படிக்காது. ஆகவே 100 எழுத்து வரையிலான சொற்களை மட்டும் ஓட்டிப் பார்த்தால் போதும். எண்ணிக்கை மலைக்கவைக்கும், ஆனால் முடிவுள்ளது. 'w-இல் ஓடும்போது M ஒருமுறையாவது இடப்பக்கம் நகருமா' என்பதும் தீர்மானிக்கக்கூடியதே. இடப்பக்கம் போகாத இயந்திரம் தான் எழுதியதைத் திரும்பப் படிக்க முடியாது. w-ஐத் தாண்டிய பிறகு அது காண்பதெல்லாம் காலிக் கட்டங்கள். நிலைகளின் எண்ணிக்கையளவு அடிகள் போனதும் பழைய நிலை ஒன்று திரும்பி வரும், அதற்கப்புறம் புதிதாக எதுவும் நடக்காது.

இவற்றைப் பார்த்துவிட்டு, ரைஸ் தேற்றம் பொருந்தாவிட்டால் தீர்மானிக்கலாம் என்று முடிவு கட்டுவது இந்தப் பாடத்தில் நடக்கும் பெரிய தவறு. 'w-இல் ஓடும்போது M, q என்ற நிலைக்கு வருமா' என்ற கேள்வி மொழியைப் பற்றியதல்ல, தேற்றம் இதைத் தொடாது. ஆனாலும் தீர்மானிக்க முடியாது. எந்த இயந்திரத்தையும் நிற்கும் தருணத்தில் மட்டும் q-வுக்கு வருமாறு மாற்றி எழுதலாம் என்பதால், இது நிறுத்தச் சிக்கலேதான்.

மேலே கட்டிய N இன்னொரு பலனையும் தருகிறது. வெற்று மொழிக்கு P உண்டு, P வெற்றுப் பண்பும் அல்ல என்று வைத்துக்கொள்வோம். இப்போது P இல்லாத இயந்திரம் ஒன்றை A-யாக எடுத்துக்கொண்டால், M நிற்காதபோது மட்டுமே N-க்கு P இருக்கும். நிற்பதை ஓட்டிப் பார்த்தே உறுதிசெய்யலாம். நிற்காமையை அப்படி உறுதிசெய்ய எந்த வழியும் இல்லை. ஆகவே அத்தகைய P-ஐத் தீர்மானிப்பது மட்டுமல்ல, 'ஆம்' என்ற பதிலை மட்டும் உறுதிசெய்யும் இயந்திரம்கூடக் கிடையாது. L(M) வெற்று மொழியா, முடிவுள்ளதா, ரெகுலரா என்ற மூன்றும் இந்த வகை. 'ab-ஐ ஏற்குமா' என்பதில் அப்படி இல்லை: ஓட்டிப் பார்க்கலாம், ஏற்றுவிட்டால் ஆம் என்று தெரிந்துவிடும்.

தேற்றம் டூரிங் இயந்திரத்துக்கு ஈடான வலிமை கொண்ட நிரல் மொழிகளுக்கே. வரையறுத்த நிலைகள் மட்டுமே கொண்ட எளிய தானியங்கியை எடுத்துக்கொண்டால், அது ஏற்கும் மொழி வெற்றா என்பதை நிலைப்படத்தில் வழி தேடியே சொல்லிவிடலாம். வலிமையான மொழிகளுக்குக் கம்பைலர் எழுதுபவர்கள் எல்லாவற்றுக்கும் சரியான பதில் என்ற ஆசையை விட்டுவிட்டு, ஒரு பக்கம் மட்டும் தவறலாம் என்று வைத்துக்கொள்கிறார்கள். ஜாவாவில் இதைக் காணலாம்:

```
int y;
if (x > 0) y = 1;
if (x > 0) System.out.println(y);
```

x இடையில் மாறவில்லை. மதிப்பு இல்லாத y-ஐ இந்த நிரல் ஒருபோதும் அச்சிடாது. இருந்தும் ஜாவா கம்பைலர் `variable y might not have been initialized` என்று சொல்லி மறுத்துவிடும். இரண்டு நிபந்தனைகளும் ஒன்றா என்று அது ஆராய்வதில்லை. y-க்கு மதிப்பு தராத பாதை ஒன்று இருப்பதுபோல் தோன்றினாலே நிராகரிக்கிறது. நல்ல நிரல்கள் சில இதில் அடிபடும், ஆனால் மதிப்பில்லாத மாறியைப் படிக்கும் நிரல் ஒன்றுகூட உள்ளே நுழையாது.