மும்பை அல்ல, முன்பே வா

கனடாவில் வாழும் ஒரு தமிழ்க் குடும்பம் நயாகராவுக்குக் காரில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். பின்சீட்டில் பிள்ளைகள் ஆங்கிலத்தில் அரட்டை அடிக்கிறார்கள். கார் ஸ்டீரியோவில் ஒரு தமிழ்ப் பாட்டு. அந்த வீடியோவை யூடியூபில் ஏற்றுகிறார்கள். பிறகு பாட்டுக்கு காப்புரிமைக் கோரல் வர, பாட்டு ஓடும் நிமிடங்களை மியூட் செய்துவிடுகிறார்கள். பல வருடம் கழித்துப் பார்க்கும் மகளுக்கு, அப்பா ஸ்டீயரிங்கில் விரலால் தாளம் போடுவது தெரிகிறது. எந்தப் பாட்டுக்கு என்பதுதான் தெரியவில்லை.

அவள் சப்டைட்டிலைப் போட்டுப் பார்க்கலாம். வீடியோவை ஏற்றிய பிறகு, பேச்சை எழுத்தாக்கும் மென்பொருள் அதன் ஒலியைக் கேட்டு வரிகளைத் தயாரிக்கிறது. அவை ஒலியோடு ஒட்டாமல், நேரக்குறிப்புள்ள தனிக் கோப்பாக இருக்கின்றன. ஒலியைப் பிற்பாடு வெட்டினாலும், பழைய வரிகள் அப்படியே தங்கிவிடுவது உண்டு. அப்படித் தங்கியிருந்தால், சத்தமே இல்லாத நிமிடங்களில் திரையின் அடியில் பொருளில்லாத ஆங்கிலச் சொற்கள் ஓடும். மியூட் செய்த பின்தான் வரிகள் தயாராயின என்றாலோ, யாராவது அவற்றை அழித்திருந்தாலோ அங்கே ஒன்றும் இருக்காது. இசை என்ற அடைப்புக்குறிச் சொல் மட்டும் வந்தாலும் இந்த வழி உதவாது.

வரிகளை மொத்தமாக எடுத்துவைத்துப் படிப்பது வசதி. வீடியோவுக்குக் கீழே உள்ள விவரப் பகுதியிலேயே எழுத்துவடிவத்தைத் திறக்கலாம். கணினியில் yt-dlp இருந்தால் இந்தக் கட்டளை போதும். LINK என்ற இடத்தில் வீடியோவின் முகவரி வரவேண்டும்.

```
yt-dlp --skip-download --write-auto-subs --sub-langs en "LINK"
```

இப்படி இறங்கும் கோப்பில் ஒவ்வொரு வரியும் மேலே நகர்ந்து மறுபடி தோன்றும். புதிதாகப் பார்ப்பவர்கள் அதைப் பல்லவி என்று நினைத்துவிடுவார்கள். உண்மையான பல்லவி பல நொடிகள் தள்ளித் திரும்பும்.

நம் வீடியோவில் ஓரிடத்தில் 'மூன் பே வா' என்று வருகிறது. முக்கால் நிமிடம் தள்ளி 'மும்பை வா'. இன்னொரு இடத்தில் 'ஒன் பே வா'. எதையும் பொருளுக்காகப் படிக்கக் கூடாது. பிள்ளைகளின் பேச்சுக்காக ஆங்கிலத்துக்கு அமைந்த மென்பொருள் அது. தமிழ் ஒலி காதில் விழுந்ததும், தனக்குத் தெரிந்த சொற்களில் எது நெருக்கமோ அதை எடுத்துப் பொருத்துகிறது. நிலவும் விரிகுடாவும் மும்பை நகரமும் அப்படி வந்தவை. மும்பையைப் பற்றிய பாட்டு என்று தேடப் போனால் நாள் முழுக்கத் தேடலாம்.

மூன்றையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, வாய்விட்டு வேகமாகச் சொல்லிப் பார்க்க வேண்டும். சொற்களின் எல்லை நம்பத்தக்கதல்ல. அசைகளின் எண்ணிக்கையும் உயிரொலியும்தான் பெரும்பாலும் பிழைத்து நிற்கும். இங்கே மூன்று முறையும் மூன்று அசை. முதல் அசை மெல்லொலியில் முடிகிறது, நடு அசை ஆங்கில 'பி' ஒலியில் தொடங்குகிறது, கடைசி அசை 'வா'. தமிழில் ன், ம் போன்ற மெல்லினத்துக்குப் பின் வரும் பகரம் அந்த ஒலியைத்தான் பெறும். முதல் அசையை 'முன்' என்று வைத்ததும் விடை தானே வந்து விழுகிறது: 'முன்பே வா'. 2006இல் வந்த 'சில்லுனு ஒரு காதல்' படத்துக்கு ஏ.ஆர்.ரஹ்மான் இசையமைத்து, ஸ்ரேயா கோஷலும் நரேஷ் ஐயரும் பாடியது.

பொருந்தும் பெயர் கிடைத்ததும் மனம் உடனே நம்பிவிடும். அந்த இடத்தில்தான் நிதானம் வேண்டும். மூன்று அசைக்குப் பொருந்தும் வேறு பாட்டும் இருக்கலாம். முதலில் பயணம் எந்த வருடம் என்று பார்க்க வேண்டும். 2006க்கு முந்தையது என்றால் விடை தவறு. அடுத்தது இடைவெளி. காரில் பாட்டு நடுவிலிருந்து ஓடியிருக்கலாம், ஆகவே தொடக்க நேரம் பயன்படாது. ஆனால் பல்லவி ஒருமுறை வந்து மறுபடி வரும்வரை உள்ள நொடிகள் மாறாது. சப்டைட்டில் கோப்பில் உள்ள இடைவெளியும் அசல் பாட்டில் உள்ள இடைவெளியும் ஒன்றாக இருக்க வேண்டும். பல்லவி பொருந்தி, இடைவெளிகள் மட்டும் ஒரே விகிதத்தில் நீண்டோ குறுகியோ இருந்தால், அதே பாட்டை வேறு யாரோ வேறு வேகத்தில் பாடிய பதிவாக இருக்கலாம். அதை எழுத்தைப் படித்து மட்டும் கண்டுபிடிக்க முடியாது.

கடைசியாக ஒரு சோதனை. அசல் பாட்டைக் கைபேசியில் வைத்துக்கொண்டு, பல்லவி வரும் நொடியில் இரண்டையும் ஒன்றாக ஓடவிட வேண்டும். சத்தமில்லாத வீடியோவில் அப்பாவின் விரல் ஸ்டீயரிங்கைத் தட்டும் ஒவ்வொரு முறையும் பாட்டின் தாளம் அதே நொடியில் விழுகிறதா என்று அவள் பார்க்கலாம்.