டுரியான் ஏன் மின்தூக்கி போல் இறங்கியது?

மாணவர்களே, சில வாரங்களுக்கு முன் எங்கள் பள்ளி அறிவியல் கழக மாணவர்கள் ஒரு காகித அசைவூட்டப் படத்தை என்னிடம் காட்டினார்கள். வெளிர்நீல வானம், மங்கலான பச்சையில் மலை, பழுப்பு மரத்தண்டு, முன்னால் கரும்பச்சைப் புதர் என்று வண்ணத் தாள்களை வெட்டி அடுக்கியிருந்தார்கள். மரத்திலிருந்து ஒரு டுரியான் விழ வேண்டும். விழுந்தது; ஆனால், பேரங்காடி மின்தூக்கி போல் நிதானமாக இறங்கி வந்து நின்றது. எல்லாரும் சிரித்தார்கள். வெட்டியவர்களுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. ஒரு சனிக்கிழமை முழுவதையும் அதற்காகச் செலவிட்டிருந்தார்கள்.

என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். டுரியான் விழ வேண்டிய தூரம் 144 மில்லிமீட்டர். ஒரு வினாடிக்கு 12 படங்கள். ஆகவே, 144-ஐ 12-ஆல் வகுத்து, ஒவ்வொரு படத்திற்கும் 12 மில்லிமீட்டர் நகர்த்தினோம் என்றார்கள். கணக்கு சரி, இயற்பியல்தான் தவறு. சம நேரத்தில் சம தூரம் நகரும் பொருளின் வேகம் மாறுவதில்லை. விழும் பொருளோ ஒவ்வொரு கணமும் வேகம் கூடிக்கொண்டே வரும்.

எவ்வளவு கூட வேண்டும்? ஓய்விலிருந்து விழும் பொருள் கடக்கும் தூரம், நேரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. முதல் படத்தில் 1 பங்கு விழுந்தால், இரண்டாம் படத்தின்போது மொத்தம் 4 பங்கு, மூன்றாம் படத்தின்போது 9, நான்காம் படத்தின்போது 16. அதாவது, ஒவ்வொரு முறையும் நகர்த்த வேண்டிய தூரம் 1, 3, 5, 7 என்று ஒற்றைப்படை எண்களாகவே வளரும். பன்னிரண்டாவது நகர்வு 23. எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள், சரியாக 144 வரும். ஒரு பங்கை 1 மில்லிமீட்டராக வைத்துக்கொண்டால், நமது டுரியானுக்கு வேறு கணக்கே தேவையில்லை. உண்மையில் ஒரு வினாடியில் பொருள் ஏறக்குறைய 4.9 மீட்டர் விழும். ஆகவே, இந்தப் படத்தில் காட்டும் கிளை சுமார் 5 மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று பொருள். அந்த அளவுக்குப் பொருத்தமாக வெட்டினால் பழம் 1 சென்டிமீட்டருக்கும் குறைவாகத்தான் இருக்கும். நாங்கள் 2.5 சென்டிமீட்டரில் வெட்டினோம். இந்த ஏமாற்று வேலைக்கு ஒரு காரணம் உண்டு. கடைசி நகர்வு 23 மில்லிமீட்டர். பழம் அதைவிடச் சிறியதாக இருந்தால், அடுத்தடுத்த இரண்டு படங்களில் அது ஒன்றையொன்று தொடாமல் நிற்கும். கண்ணுக்கு அது ஓட்டமாகத் தெரியாமல், தாவித் தாவி வருவதாகத் தெரியும்.

வினாடிக்கு 24 படங்கள் எடுத்தால் இன்னும் நன்றாக இருக்காதா என்று ஒரு மாணவி கேட்டாள். நல்ல கேள்வி. நேரம் பாதியானால் முதல் நகர்வு கால் பங்காகிவிடும், அதாவது 0.25 மில்லிமீட்டர். விரலால் அதை நகர்த்த முடியாது. எனவே, கையால் செய்யும் வேலைக்கு 12 போதும்.

1 மில்லிமீட்டர்கூட எளிதல்லதான். தாளில் பென்சில் குறி போட்டால் படத்தில் தெரியும். அதற்கு இப்படிச் செய்தோம். மரத்தண்டுக்குப் பயன்படுத்திய அதே பழுப்புத் தாளில், அரை சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு நீளமான பட்டை வெட்டி, அதன் ஒரு முனையில் டுரியானை ஒட்டினோம். பட்டை தண்டின் மேலேயே, புதருக்கு அடியில் புகுந்து, படத்தின் கீழ்விளிம்பைத் தாண்டி வெளியே நீளும். பழுப்பின் மேல் பழுப்பு என்பதால் கேமராவுக்குப் பட்டை தெரியாது. வெளியே இருக்கும் பகுதியில், முனையிலிருந்து மேல்நோக்கி 0, 1, 4, 9 என்று 144 வரை குறி போட்டு, மேசையில் ஒரு கோடு வரைந்தோம். ஒவ்வொரு படத்திற்கும் அடுத்த குறி கோட்டுக்கு வரும்வரை இழுத்தால் போதும். குறி போட்ட பட்டையைப் பார்த்ததும் படிவம் 4 மாணவன் ஒருவன், "சார், இது டிக்கர் நாடா மாதிரியே இருக்கே!" என்றான். ஆம், அதேதான். ஆய்வுக்கூடத்தில் இயக்கம் நாடாவில் புள்ளி வைக்கிறது; இங்கே புள்ளிகள் இயக்கத்தை உண்டாக்குகின்றன.

புதரின் இரு ஓரங்களுக்கும் அடியில் அட்டைத்துண்டு வைத்து உயர்த்தினால், பட்டை அதில் சிக்காது. மற்ற அடுக்குகளை ஓரங்களில் ஒட்டிவிடுங்கள். இரண்டு உயரமான பிஸ்கட் டின்களின் மேல் ஒரு பலகை, பலகையின் விளிம்புக்கு வெளியே லென்ஸ் நீண்டிருக்கும்படி கைப்பேசி, அது நழுவாமல் இருக்க ஒட்டுநாடா. தாளிலிருந்து 30 சென்டிமீட்டர் உயரம் இருந்தால் ஓர் A4 தாள் படத்தில் அடங்கும். மின்விசிறியை நிறுத்துங்கள். எங்கள் முதல் மலை பறந்துபோன பிறகுதான் இது எங்களுக்கு நினைவு வந்தது.

இரண்டாவது முயற்சியில் டுரியான் அழகாக விழுந்தது. ஆனால், படம் முழுவதும் சிமிட்டியது. இங்கேதான் பலர் காரணத்தைத் தவறாகக் கணிக்கிறார்கள். படங்களை ஒவ்வொன்றாக முன்னும் பின்னும் தள்ளிப் பாருங்கள். காட்சி முழுவதும் ஒரு பக்கமாக நகர்ந்தால், பொத்தானை அழுத்தும்போது கைப்பேசியைத் தட்டியிருக்கிறீர்கள். 2 வினாடித் தாமதத்தை வைத்துக்கொள்ளுங்கள். தாள்களின் ஓர நிழல் மட்டும் மாறினால், தாள் சுருண்டிருக்கிறது. நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம். தாள் ஈரத்தை உறிஞ்சியிருக்கும். விளக்குச் சூடு மேற்பக்கத்தை மட்டும் காயவைக்கும்போது அது வளையும். முதல்நாள் இரவே கனமான புத்தகங்களுக்கு இடையில் வைத்து எடுப்பது உதவும்.

நிழல் மாறாமல், காட்சி முழுவதும் ஒரே சீராக வெளுத்தும் கறுத்தும் வந்தால், அதற்குக் கைப்பேசியே காரணமாக இருக்கலாம். உங்கள் கை காட்சிக்குள் வரும்போதும் விலகும்போதும் அது ஒளியையும் நிறத்தையும் தானாகத் திருத்திக்கொண்டே இருக்கும். ஐபோனில் திரையை அழுத்திப் பிடித்தால் AE/AF LOCK என்று வரும். அது ஒளியையும் குவியத்தையும் பூட்டிவிடும். பல ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் Pro முறைக்குச் சென்று ISO, WB, வெளிச்சம் விழும் நேரம் ஆகியவற்றை நீங்களே நிலையாக வைக்கலாம்.

நாங்கள் பூட்டிய பிறகும் சிமிட்டல் முழுதாகப் போகவில்லை. எஞ்சியது விளக்கின் வேலை. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். சில மலிவான எல்இடி விளக்குகள் வினாடிக்கு 100 முறை மங்கிப் பிரகாசிக்கும். நம் கண்ணுக்கு அது தெரியாது. 1/500 வினாடியில் எடுக்கும் கேமரா ஒருமுறை பிரகாசத்தையும் மறுமுறை மங்கலையும் பிடிக்கும். நேரத்தை 1/50 என்று வைத்தால், ஒவ்வொரு படத்திலும் சரியாக இரண்டு முழுத் துடிப்புகள் விழும். எல்லாப் படங்களுக்கும் ஒரே அளவு ஒளி கிடைக்கும். சன்னல் திரையையும் மூடினோம். மேகம் நகர்வதற்கு நாம் பூட்டு போட முடியாது அல்லவா?

மூன்றாவது படத்தில் விழுவதற்கு முன் 12 படங்கள் பழத்தை அசையாமல் வைத்தோம், விழுந்த பின் புதரை இரண்டு படங்களுக்கு மட்டும் லேசாக அசைத்தோம். இம்முறை கழக அறையில் சிரித்தவர்கள், பழம் புதரில் விழுந்தபோது தங்களை அறியாமலே "ஆ!" என்றார்கள்.

சம இடைவெளியில் நகர்த்தும் அந்தப் பழைய முறையையும் நாங்கள் விட்டுவிடவில்லை. டுரியான் விழுந்த பிறகு ஓர் இலை உதிர வேண்டும். இலைக்கு எடை குறைவு, பரப்பு அதிகம். காற்றின் தடை சீக்கிரமே அதன் எடைக்குச் சமமாகிவிடும். அதன்பின் அதன் வேகம் கூடாது. ஆகவே, இலைக்கு ஒரு படத்திற்கு 4 மில்லிமீட்டர், மொத்தம் 36 படங்கள், மூன்று வினாடி.