மெஷின் சொன்ன 'தேங்க் யூ' சர்வருக்குப் போய்ச் சேர்ந்ததா?

கைரேகை மெஷினில் விரலை வைத்ததும் பச்சை விளக்கு எரிகிறது. 'தேங்க் யூ' என்று குரல் வருகிறது. வருகை பதிவாகிவிட்டது என்று ஊழியர் இருக்கைக்குப் போய்விடுகிறார். மாதக் கடைசியில் சம்பளச் சீட்டைப் பார்த்தால் அரை நாள் பிடித்தம். தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டால், "சார், சிஸ்டத்துல உங்க அவுட் பஞ்ச் இல்லையே" என்கிறார்கள். ஊழியரும் பொய் சொல்லவில்லை, அலுவலகமும் பொய் சொல்லவில்லை. பஞ்ச் மெஷினில் இருக்கிறது, சர்வரில் இல்லை.

அந்த 'தேங்க் யூ'வுக்கு ஒரே ஒரு அர்த்தம்தான்: விரலை அடையாளம் கண்டு, நேரத்தோடு என் நினைவகத்தில் எழுதிக்கொண்டேன். அதைத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்புவது அதன் பிறகு நடக்கும் தனி வேலை. பல ஊர்களில் கிளை வைத்திருக்கும் நிறுவனங்களில் இந்த இரண்டாவது வேலை எங்கே, எவ்வளவு தவறுகிறது என்று பெரும்பாலும் யாரும் அளப்பதில்லை. புகார் வந்தால் அந்த ஒரு பஞ்சைக் கையால் சரிசெய்வதோடு விட்டுவிடுகிறார்கள். ஆனால் அளப்பதற்கான சான்று சர்வரின் அப்லோட் லாகில் தினமும் சேர்ந்துகொண்டே இருக்கிறது.

நம் அலுவலகங்களில் அதிகம் காணப்படும் மெஷின்களில் பல, இசட்கே-டெக்கோ நிறுவனத்தின் புஷ் முறையில் வேலை செய்பவை. மெஷினே இணையம் வழியாகச் சர்வரைத் தேடிப் போய்ப் பேசும். அந்தப் பேச்சில் இரண்டு வகை முக்கியம். 'நான் இருக்கிறேன், எனக்கு ஏதாவது உத்தரவு உண்டா?' என்று சில விநாடிகளுக்கு ஒருமுறை கேட்பது ஒன்று. அதை இருப்புச் செய்தி என்று வைத்துக்கொள்வோம். யாராவது விரல் வைத்ததும் அந்தப் பஞ்சை அனுப்புவது இன்னொன்று. சர்வர் 'OK' என்று பதில் சொன்னால்தான் மெஷின் அடுத்ததுக்கு நகரும். பதில் வராவிட்டால் சற்றுப் பொறுத்து அதையே மறுபடி அனுப்பும். லாகில் இவை இப்படித் தெரியும்:

```
[06/Oct/2025:18:30:12 +0530] "GET /iclock/getrequest?SN=BR07" 200
[07/Oct/2025:09:02:50 +0530] "GET /iclock/getrequest?SN=BR07" 200
[07/Oct/2025:09:03:05 +0530] "POST /iclock/cdata?SN=BR07&table=ATTLOG" 200
```

மூன்றாவது வரியோடு வந்த பஞ்சுகளில் ஒன்று இது:

```
1043    2025-10-06 18:34:20    1    1
```

ஊழியர் எண் 1043, விரல் வைத்தது அக்டோபர் 6 மாலை 6.34. அடுத்துள்ள 1 'அவுட்' என்பதற்கு, கடைசி 1 கைரேகை என்பதற்கு. ஆக, ஒவ்வொரு பஞ்சுக்கும் இரண்டு நேரங்கள் உண்டு. விரல் வைத்த நேரத்தை மெஷினின் கடிகாரம் சொல்கிறது, வந்து சேர்ந்த நேரத்தைச் சர்வரின் கடிகாரம் சொல்கிறது. இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால் வருவது தாமதம். எல்லா அளவீடும் இந்த ஒரு கழித்தலிலிருந்துதான் தொடங்குகிறது.

ஒரு கிளையின் ஒரு நாளை எடுத்துக்கொள்வோம். கணக்குப் புரிவதற்காக எண்களை நானே வைக்கிறேன். கிளையில் 22 பேர், உள்ளே வர ஒன்று, வெளியே போக ஒன்று என ஆளுக்கு இரண்டாக 44 பஞ்ச். காலையில் 22-ம் சில விநாடிகளில் சர்வருக்கு வந்துவிட்டன. மாலை ஆறரைக்கு முன் கிளம்பிய 9 பேரின் பஞ்சும் அப்படியே. ஆறரைக்குப் பிறகு கிளம்பிய 13 பேரின் அவுட் பஞ்ச் மட்டும் மறுநாள் காலை 9.03-க்கு ஒரே மூட்டையாக வந்து இறங்கியது. ஏறக்குறைய பதினாலரை மணி நேரத் தாமதம்.

இந்த நாளின் சராசரித் தாமதத்தைக் கணக்கிட்டால் நாலேகால் மணி நேரம் வரும். ஆனால் நாலேகால் மணி தாமதமான பஞ்ச் என்று அந்தக் கிளையில் ஒன்றுகூடக் கிடையாது. 31 பஞ்ச் உடனே வந்தன, 13 பஞ்ச் மறுநாள் வந்தன, நடுவில் எதுவுமே இல்லை. சராசரி இந்தப் பிளவை மறைத்துவிடுகிறது. வரிசைப்படுத்தி நடுவில் இருப்பதை எடுத்தாலும் சில விநாடிதான் வரும், கிளை ஆரோக்கியமாகத் தெரியும். அதனால் கேட்கவேண்டிய கேள்வி வேறு: அன்றைய ரிப்போர்ட் ஓடும் நேரத்துக்குள் எத்தனை பஞ்ச் வந்து சேர்ந்திருந்தன? இரவு 10 மணிக்கு ரிப்போர்ட் என்றால், 44-இல் 31. நூற்றுக்கு எழுபது. மீதி 13 பேருக்கும் அந்த ரிப்போர்ட்டில் ஒற்றைப் பஞ்ச்தான் இருக்கும். சம்பளத்தைத் தொடுகிற அளவு இதுதான்.

அடுத்து, காரணம். மேலே உள்ள லாகை மறுபடி பாருங்கள். இருப்புச் செய்தி மாலை 6.30-க்கு நின்று, மறுநாள் 9.02-க்குத்தான் திரும்புகிறது. ஆறரைக்கு அந்தக் கிளையில் பூட்டும் வேலை தொடங்குகிறது. யாரோ உள்ளே மெயின் சுவிட்சை அணைக்கிறார்கள், அதோடு ரவுட்டரும் அணைகிறது. வாசலில் இருக்கும் மெஷினுக்குத் தனி பேட்டரி பேக்கப் இருப்பதால் அது விழித்திருந்து 13 பேருக்கும் 'தேங்க் யூ' சொல்லி அனுப்புகிறது. இதே வடிவம் மாதத்தில் பெரும்பாலான வேலை நாட்களில் திரும்பத் திரும்ப வந்தால், நெட்வொர்க் நிறுவனத்துக்குப் புகார் எழுதிப் பயனில்லை. ரவுட்டரையும் அதே பேக்கப்பில் மாட்டினால் போதும். இல்லையென்றால் மாதக் கடைசி நாள் மாலைப் பஞ்சுகள் அடுத்த மாதம் முதல் தேதியில்தான் வந்து சேரும். சம்பளக் கணக்கு அதற்குள் மூடியிருக்கும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. இருப்புச் செய்தி இல்லாத நேரம் முழுவதையும் பழுது என்று எண்ணக்கூடாது. ராத்திரி கிளையைப் பூட்டி மின்சாரத்தை அணைப்பது வழக்கமான காரியம். அந்த இடைவெளிக்குள் பஞ்ச் விழுந்திருந்தால்தான் அது பழுது. மறுபுறம், பஞ்சே வராத ஒரு முற்பகலில் இருப்புச் செய்தி ஓடிக்கொண்டிருந்தால், மெஷினும் இணைப்பும் உயிரோடு இருக்கின்றன, அந்த நேரத்தில் யாரும் விரல் வைக்கவில்லை என்று ஓரளவு நம்பலாம். இருப்புச் செய்தியும் இல்லையென்றால் அந்த மௌனத்துக்கு எந்த அர்த்தமும் கொடுக்க முடியாது. அதை 'ஆப்சென்ட்' என்று படிப்பதுதான் பல தகராறுகளின் வேர்.

'ஓரளவு' என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. இருப்புச் செய்தி ஒழுங்காக வந்தும் பஞ்ச் ஏறாத கிளைகள் இருக்கின்றன. அங்கே லாகில் ஒரே பஞ்ச் மூட்டை சில நிமிடத்துக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப வரும், ஒவ்வொரு முறையும் சர்வரின் பதில் 200-க்குப் பதிலாக 500 என்று இருக்கும். மூட்டைக்குள் ஒரு பதிவு சர்வருக்கு ஜீரணமாகவில்லை என்று பொருள். சர்வரில் இன்னும் சேர்க்காத புது ஊழியரின் எண்ணாக இருக்கலாம், பேட்டரி செத்து மெஷின் பழைய தேதிக்குப் போய்விட்டதால் 2000-ஆம் ஆண்டுத் தேதியோடு வந்த பதிவாக இருக்கலாம். 'OK' வராததால் மெஷின் விடாமல் அதையே தள்ளுகிறது, பின்னால் மற்றவர்களின் பஞ்ச் வரிசை கட்டி நிற்கிறது. அப்லோட் வரிகளை மட்டும் எண்ணிப் பார்த்தால் இந்தக் கிளைதான் மிகச் சுறுசுறுப்பான கிளை என்று தோன்றும். அதனால் மெஷின் எண், ஊழியர் எண், பஞ்ச் நேரம் மூன்றும் ஒன்றாக இருப்பவற்றை ஒரே பஞ்சாகச் சுருக்கிய பிறகுதான் எண்ணவேண்டும். எத்தனை முறை திரும்ப வந்தது என்பதைத் தனியே குறித்துக்கொள்ளவேண்டும்.

கழித்தலுக்கு முன் கடிகாரத்தையும் சோதிக்கவேண்டும். ஒரு கிளையின் தாமதங்களில் மிகச் சிறியது எவ்வளவு என்று பாருங்கள். நல்ல இணைப்பில் அது ஓரிரு விநாடியாக இருக்கும். நாள் முழுவதும் ஒரு பஞ்ச்கூடப் பத்து நிமிடத்துக்குக் குறையாமல், எல்லாமே பத்து நிமிடத்தை ஒட்டியே வந்தால், இணைப்பில் பிரச்சினை இல்லை, மெஷினின் கடிகாரம் பத்து நிமிடம் பின்தங்கி ஓடுகிறது. விரல் வைப்பதற்கு முன்பே பஞ்ச் வந்து சேர்ந்ததாகக் கணக்கு காட்டினால், கடிகாரம் முந்தி ஓடுகிறது. எல்லாக் கிளைகளிலும் ஒரே மாதிரி ஐந்தரை மணி நேரம் முன்னதாகக் காட்டினால், சர்வர் இந்திய நேரத்துக்குப் பதில் உலகப் பொது நேரத்தை எழுதிக்கொண்டிருக்கிறது. கடிகாரப் பிழை சம்பளத்தையும் நேரடியாகத் தொடும். முந்தி ஓடும் மெஷினில் நேரத்துக்கு வந்தவருக்கும் 'லேட்' விழும்.

இவ்வளவு அளந்தாலும் லாகுக்கு ஒரு எல்லை உண்டு. வந்து சேர்ந்ததைத்தான் லாக் அறியும். வராமலே போனதை அது அறியாது. சில மென்பொருள்கள் டேட்டாபேஸில் எழுதும் முன்பே 'OK' சொல்லிவிடுகின்றன. எழுதுவது தவறினாலும் மெஷின் தன் கடமை முடிந்தது என்று நகர்ந்துவிடும். லாகில் 200 இருக்கும், கணக்கில் பஞ்ச் இருக்காது. இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி, மாதம் ஒருமுறை மெஷினிலிருந்து பஞ்சுகளைப் பென் டிரைவில் எடுத்து, நாள்வாரியாகச் சர்வரின் எண்ணிக்கையோடு ஒப்பிடுவது. எல்லாக் கிளையிலும் முடியாவிட்டால் மாதத்துக்குச் சில கிளைகளை மாற்றி மாற்றிச் செய்யலாம். மெஷினின் நினைவகம் நிறைந்துவிடுவதற்கும், யாராவது அழித்துவிடுவதற்கும் முன்பு செய்யவேண்டும். அதன் பிறகு சான்று எங்கும் இருக்காது.

கிளைகளை வரிசைப்படுத்தும்போதும் நிதானம் வேண்டும். மூன்று பேர் வேலை செய்யும் கிளையில் ஒரு நாளைக்கு ஆறே பஞ்ச். ஒன்று தாமதமானால் அன்றைய பழுது நூற்றுக்குப் பதினேழு ஆகிவிடும். ஆகவே சிறிய கிளைகளை ஒரு நாளை வைத்து எடைபோடாமல் மாதக் கணக்கில் பார்க்கவேண்டும். சதவீதத்தோடு 'எத்தனை நாட்களில் பழுது நடந்தது' என்பதையும் சேர்த்து வைத்தால், ஒருமுறை மின்வெட்டால் விழுந்த கிளையும் தினமும் ஆறரைக்கு அணையும் கிளையும் தனித்தனியே தெரியும்.

இந்த அளவீட்டை எச்.ஆர். மேசைக்குக் கொண்டுபோவதற்கு ஒரு விதி போதும். ஒரு ஊழியருக்குப் பஞ்ச் இல்லை என்று தெரிந்தால், அந்தக் கிளையில் அந்த நேரத்தில் இருப்புச் செய்தி ஓடியதா, மூட்டை ஏதாவது சிக்கி நின்றதா என்று முதலில் லாகில் பார்க்கவேண்டும். இரண்டில் எங்காவது தடங்கல் தெரிந்தால் அந்த நாளை 'ஆப்சென்ட்' என்று எழுதாமல் 'நிலுவை' என்று வைத்து, மெஷினில் இருக்கும் பதிவைக் கேட்டு வாங்கிய பிறகே முடிவெடுக்கவேண்டும். லாகில் தடங்கல் இல்லாத நாளிலும் ஊழியர் மறுத்துச் சொன்னால் மெஷினைத் திறந்து பார்க்கும் உரிமை அவருக்கு இருக்கவேண்டும். தன் பக்கத்து இணைப்பு அறுந்ததற்கு நிறுவனம் ஊழியரின் சம்பளத்தில் கைவைப்பது எந்தக் கணக்கிலும் நியாயமாகாது.